இலக்கியா அழிக்காத பிராஞ்சுகள்

நாமக்கல்லில் லாரி புக்கிங் செயலி எழுதும் நாலு பேர் அலுவலகத்தில், பழைய பிராஞ்சுகளை, அதாவது திருத்தம் செய்யப் பிரித்தெடுக்கும் கோடின் தனிப் பிரதிகளை, வேலை முடிந்தும் அழிக்காமல் வைத்திருப்பவள் இலக்கியா ஒருத்திதான். எழுதியது எங்கே போய்விடுமோ என்ற பயம். பதினேழு சேர்ந்திருந்தன.

அன்று லோடு எடை கணக்கிடும் கோடில் ஒரு வரியைத் திருத்தி, அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு புல் ரிக்வெஸ்ட் போட்டாள். ரிவ்யூ செய்த பிரவீனா நாற்காலியைத் திருப்பினாள்.

"ஏனுங்க்கா, ஒரு வரின்னீங்க. பதினோரு ஃபைல் மாறியிருக்குதுங்களே?"

இலக்கியாவுக்குச் சுருக்கென்றது. எல்லோருக்கும் பொதுவான மெயின் கோடிலிருந்து புது பிராஞ்சைப் பிரிக்காமல், போன மாதம் பாதியில் கைவிட்ட பிராஞ்சிலிருந்து பிரித்திருக்கிறாள். அந்த அரைகுறை வேலையும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

முணுமுணுத்தபடியே அந்த ரிக்வெஸ்டை மூடினாள். மெயினைப் புதுப்பித்து, அதிலிருந்து புது பிராஞ்ச் எடுத்து, அந்த ஒரு வரித் திருத்தத்தைப் பதிந்த கமிட்டை மட்டும் அதற்குக் கொண்டுவந்து மறுபடி அனுப்பினாள். இம்முறை ஒரே ஃபைல், ஒரே வரி. பிரவீனா பார்த்து ஒப்புதல் கொடுத்தாள், மெயினோடு மெர்ஜும் ஆனது.

"இதையாச்சும் அழிப்பீங்களா, சேத்து வெச்சுக்குவீங்களா?"

"வாய் ஜாஸ்தி உனக்கு."

இலக்கியா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த பிராஞ்சை அழித்தாள். உடனே மெயினைத் திறந்து பார்த்தாள். அவள் வரி, அவள் பெயரோடு அங்கேயே இருந்தது.

மதியம் பிரவீனா சாப்பிடக் கூப்பிட்டாள். இலக்கியா திரையை விட்டுத் திரும்பவேயில்லை.

"இரு, வாரேன். பழசுல இன்னும் மூணுதான் அழிக்கப் பாக்கி."