பெட்டகத்துக்குள்ளேயே பெட்டகச் சாவி

செய்தி வந்தபோது மணி பதினொன்றேகால். பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்கு அவள் நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். அலுவலக மாடிப்படியில் சரிந்து விழுந்த கணவர் எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். அவள் குறித்த நேரத்தை அந்த நோயாளிக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.

சரக்கு நிறுவனம் ஒன்றில் கணினிகளை மேய்ப்பது அவர் வேலை. அங்கே அவருக்குப் 'பாஸ்வேர்ட்' என்று பட்டப்பெயர். யாராவது கடவுச்சொல்லை எழுதி விசைப்பலகைக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தால் போதும், அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு எல்லார் மேசைக்கும் ஊர்வலம் போவார். "நம்பர் போட்டுத்தான் பூட்டியிருக்கான். அந்த நம்பர வாசல்லயே எழுதித் தொங்கவிட்டிருக்கான், பாத்துக்கங்க!" என்பார். எழுதியவர் அழும் நிலைக்கு வந்தபிறகுதான் அவருக்குத் திருப்தி. உலகத்தில் பாதிப் பேர் மடையர்கள், மீதிப் பேர் மடையர்களை நம்புகிறவர்கள் என்பது அவர் கணக்கு. தன்னை எந்தப் பாதியிலும் அவர் சேர்த்ததில்லை.

போன வருடம் அவள் ஒரு பெட்டிக்கோப்பு வாங்கினாள். மகளின் பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம், காப்பீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்தாள். வங்கிக் கணக்கு எண்களை ஒரு தாளில் எழுதி மேலே வைத்தாள். பெட்டியின் முதுகில் 'அவசரத்துக்கு' என்று எழுதினாள்.

அன்று சாயங்காலம் அவர் அதைத் தூக்கி எடை பார்ப்பதுபோல ஆட்டினார்.

"இது என்ன, திருடனுக்கு விருந்தா? அலைய வேணாம் பாரு, எல்லாம் ஒரே எடத்துல!"

"எனக்கும் பாப்பாவுக்கும்ங்க. திடீர்னு ஒண்ணுன்னா எங்க போய்த் தேடறது?"

"எல்லாம் என் தலையில இருக்கு. என்னக் கேளு."

அந்த வாரமே, வீட்டில் அவருடைய பணியறை அலமாரிக்குள் எண் பூட்டு வைத்த இரும்புப் பெட்டகம் ஒன்று வந்தது. அவளுடைய பெட்டியைக் காலி செய்து எல்லாத் தாள்களையும் அதற்குள் அடுக்கினார். நான்கு போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்கினார். காலிப் பெட்டியை அவள் கையில் கொடுத்து, "துணிக்கு வச்சுக்க," என்றார். அவள் துணிக்கு வைத்துக்கொள்ளவில்லை. எறியவும் இல்லை.

அவர் போனபின் ஒரு வாரம் தாள்களைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை. பிறகு மகளின் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். அல்லது நகலையாவது அனுப்பினால் ஒரு வாரம் தவணை தரலாம். இரண்டும் இல்லையென்றால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். இரண்டு வருடம் தூக்கத்தைத் தொலைத்து மகள் வாங்கிய இடம் அது. பள்ளியில் கேட்டதற்கு, மறுபடி அச்சடித்துத் தர ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள்.

நகல்கள் இணையத்தில், அவர் கணக்கில் கிடந்தன. கடவுச்சொல் தெரியாது. மறந்துவிட்டது என்று அழுத்தினால் அவருடைய கைப்பேசி எண்ணுக்கு ஒரு குறியீடு வரும். அவருடைய பேசி பூட்டிக் கிடந்தால் என்ன? சிம்மைக் கழற்றித் தன் பேசியில் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று மகள் யோசித்தாள். சரியான யோசனைதான்.

அங்கேதான் அவருடைய அண்ணன் முந்திக்கொண்டிருந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு அடுத்தவர் காரியத்தை முடித்து வைப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்ட மனிதர் அவர்.

"அந்த நம்பரா? இறப்புச் சான்றிதழ் வந்த அன்னைக்கே போய் ரத்து பண்ணிட்டேனே! பேசாத ஆளுக்கு எதுக்கும்மா மாசாமாசம் தண்டம் கட்டணும்?" பாராட்டை எதிர்பார்த்து அவர் முகம் மலர்ந்திருந்தது.

அவள் அவரையே பார்த்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு அவளுக்கு வேறு சான்றிதழ் தேவைப்படவில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள்.

"துக்கத்துல இருக்கறவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு பாத்தேன்."

புதன்கிழமை மூவரும் பெட்டகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். அண்ணன் தம்பியின் பிறந்தநாளைப் போட்டார். திருமண நாளைப் போட்டார். தன் பிறந்தநாளையும் ஒரு நம்பிக்கையில் போட்டார். பெட்டகம் கீச்சென்று கத்திவிட்டுப் பத்து நிமிடத்துக்குச் சடலம்போலக் கிடந்தது. மூன்று முறை தப்பாகப் போட்டால் அது அப்படித்தான் வாயை மூடிக்கொள்ளும்.

"இதுக்கு ஒரு அவசரச் சாவி இருக்கும்மா," என்றாள் மகள். "பேட்டரி தீந்தா, நம்பர் மறந்தா, அத வச்சுத் திறக்கலாம்."

மேசை இழுப்பறை, அவருடைய பை, கோட்டுப் பைகள், காலணி அடுக்கின் பின்புறம் எல்லாம் தேடினார்கள். தேடத் தேட அவளுக்கு ஒன்று உறைத்தது. பெட்டகத்தைச் சுவரில் இறுக்கிய அன்று அவர் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். "முக்கியமானது எங்க இருக்கணும்? பாதுகாப்பான எடத்துல" என்று சொல்லி உள்ளே போட்டு, கதவைச் சாத்தினார். அவளும் தலையாட்டினாள்.

"சாவி உள்ளதான் இருக்கு," என்றாள்.

அண்ணன் சிரிக்கப் பார்த்து, இருமலாக மாற்றிக்கொண்டார். "சே, அவன் அப்படிச் செய்ய மாட்டான்மா. அவன் மூளைக்காரன்."

"ஆமா. மூளைக்காரர்தான்."

கதவைத் துளைத்துத் திறக்க ஆள் கூப்பிடலாம் என்றார் அண்ணன். மகள் அதற்குள் பெட்டகத்தைச் செய்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கடையிலேர்ந்து வரும்போதே ஒரு நம்பர் போட்டு வருமாம். ஒண்ணு, அஞ்சு, ஒம்போது. வாங்கினதும் மாத்திடணும்னு பெருசா போட்டிருக்கு."

"போடு," என்றாள் அவள்.

"விளையாடறியா பாப்பா?" என்றார் பெரியப்பா. "ஊருக்கே பாஸ்வேர்ட் மாத்தச் சொன்ன ஆளு உங்கப்பா. கடைக்காரன் போட்ட நம்பரோட விட்டிருப்பானா? மறுபடி தப்பாப் போட்டா இன்னும் பத்து நிமிஷம் பூட்டிக்கும்."

"இருக்கட்டும் பெரியப்பா. பத்து நிமிஷத்துல நமக்கு என்ன ரயிலா போயிடும்?"

மகள் மூன்று எண்களை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடி ஒரு குழந்தைகூடத் திருப்பும் லேசில் திரும்பியது.

அண்ணன் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு அவர் செய்த முதல் உருப்படியான உதவி அது.

சான்றிதழ்கள் இருந்தன. மகள் அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு, அப்பா போன பிறகு முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். அவள் மகளின் தலையைத் தடவிக்கொண்டே உள்ளே பார்த்தாள். உறை பிரிக்காத அவசரச் சாவி முன்னாலேயே கிடந்தது. எத்தனை பேரை நிற்கவைத்துச் சிரித்த மனிதர்! அப்படித் துண்டுச்சீட்டு ஒட்டி அவரிடம் அகப்பட்ட கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி இறுதி மரியாதைக்கு வந்திருந்தாள். ஓரமாக நின்று மூக்கைச் சிந்தினாள். அவளை இங்கே கூட்டி வந்து இந்தச் சாவியைக் காட்ட வேண்டும் என்று ஒரு கணம் வெறியாக வந்தது. அடுத்த கணம், அவரையே கூட்டி வந்து காட்ட முடிந்தால் போதும் என்று தோன்றியது.

மகள் மறுநாளே கல்லூரிக்குப் போய் அசல்களைக் காட்டிவிட்டு வந்தாள். இடம் கிடைத்தது. அன்று சாயங்காலம் அவள் தன்னுடைய பழைய பெட்டிக்கோப்பைத் தூசு தட்டி எடுத்து, பெட்டகத்திலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினாள். பெட்டகம் இனி நகைக்கு மட்டும் என்று முடிவு செய்து, அவசரச் சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோத்தாள். இன்னொரு சாவி செய்து தங்கையிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்டகத்தின் அடித்தட்டில், அவர் கோடு போட்டு அச்செடுத்த ஒரு தாள் இருந்தது. தலைப்பில் அவள் பெயர். கீழே பெட்டகம், வங்கி, மின்னஞ்சல், காப்பீடு என்று வரிசை; எதிரே எண்ணுக்கும் கடவுச்சொல்லுக்கும் கட்டங்கள். முதல் கட்டத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார்: 'எண்ணை மாற்றியபின் எழுத வேண்டும்.' மற்ற கட்டங்கள் காலியாக இருந்தன.