இலக்கணமும் பிளேட்லெட்டும்

எங்கள் ரத்த வங்கியில் அந்த அம்மாவை ‘இலக்கணம்’ என்றுதான் கூப்பிடுவோம். ரத்தம் தருபவர்களுக்கு மெசேஜ் எழுதுவது அவர் வேலை. யாராவது ‘ப்ளட்’ என்று வாய் திறந்தால், ‘குருதி’ என்று திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். நர்ஸான எனக்கு ஊசியைத் தேடும் நேரத்தில் இதுவும் சேர்ந்தால் எரிச்சலாக வரும்.

அன்று காலை மேல்மாடியில் படுத்திருந்தது அவருடைய அக்கா மகள். புற்றுநோய் சிகிச்சையில், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அடியோடு இறங்கி, மூக்கில் வழிந்த ரத்தம் நிற்கவே இல்லை. கையிருப்பில் ஒரு பைகூட இல்லை. பிளேட்லெட்டைச் சில நாட்களுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது; புதிதாக ஆள் வந்தால்தான் உண்டு.

கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கம்பெனிப் பிள்ளைகளுக்கும் இலக்கணம் அனுப்பியது இது: ‘குருதித் தட்டணுக்கள் தேவைப்படுகின்றன. கொடையாளர்கள் விரைந்து வருக.’

வந்தது ஒரே ஒரு போன். “தட்டணுன்னா என்னங்க? ஏதாவது டெஸ்ட்டா?” என்றாள் ஒரு பெண். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். “சின்னப் பிள்ளைங்க பேசற மாதிரி மாத்துங்கம்மா, சீக்கிரம்.”

இலக்கணம் ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்துவிட்டார். ‘ஹாய் கைஸ்! பிளேட்லெட் டொனேட் பண்ணுங்க, ஹீரோ ஆகுங்க! லிமிடெட் டைம்!’ எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“பீட்சா விக்கிற மாதிரி இருக்கேம்மா!”

“எனக்கு இது வராதுடி. ஆனா வந்தாகணுமே” என்றவர் அதையும் அனுப்பினார். விளம்பரம் என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலேயிருந்து அவருடைய அக்கா போனில் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பொறுக்க முடியாமல், காலையில் கேட்ட அந்தப் பெண்ணுக்கே இலக்கணம் போன் போட்டார்.

“ஏம்மா, ஒரு குழந்தைக்கு மூக்குல ரத்தம் நிக்கல. பிளேட்லெட் வேணும். வந்தா ரெண்டு மணி நேரம் ஆகும். நல்லா சாப்ட்டுட்டு வா. இந்த மூணு நாளுக்குள்ள ஆஸ்பிரின் போட்டிருந்தா மட்டும் வேண்டாம். இன்னைக்கே வர முடியுமாம்மா?”

நான் பாய்ந்தேன். “அம்மா, இதையே அனுப்புங்க!”

“இங்கிலீஷ் கலந்து பேசிட்டேன்டி.”

“பிளேட்லெட்டும் ஆஸ்பிரினும்தானே? அதுக்கு அவங்க வேற பேரு கேட்டதே இல்ல. மிச்சமெல்லாம் நீங்க பேசின தமிழ்தானே?”

அவர் மறுபடி சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்தேன். ‘வந்தா’ என்பதை ‘வந்தால்’ என்று மாற்றப் போன என் விரலை அவரே பிடித்து நிறுத்தினார்.

முதலில் அந்தப் பெண்தான் வந்தாள். பின்னாலேயே அவளுடைய தோழிகள், கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய பையன்கள். எல்லாப் பரிசோதனையும் முடிந்து, சாயங்காலம் வைக்கோல் நிறத்தில் ஒரு பை மேலே போனது.

குழந்தையின் கட்டில் ஓரத்தில் நின்று, சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார் இலக்கணம்.

“கடவுளே, பிளேட்லெட் ஏறட்டும்” என்றார்.

யாரும் திருத்தவில்லை.