வராத டிசம்பரின் ஐந்தொகை

சிரம்பானில் எஸ்டேட்டுகளுக்கு அரிசி, பருப்பு, கருவாடு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு எங்கள் நான்கு லாரிகளும் போலீஸ் வண்டியின் பின்னால் வரிசையாகப் புறப்படும். ஒவ்வொரு மூட்டைக்கும் பர்மிட் உண்டு. கணக்கில் அரை மூட்டை உதைத்தால் போலீஸ் ஸ்டேஷனில் போய் விளக்கம் சொல்லவேண்டும். காட்டில் இருப்பவர்களுக்கு அந்த அரை மூட்டை போகவில்லை என்று நிரூபிப்பதும் கணக்கு எழுதுபவரின் வேலைதான். இந்தக் காரணத்தால் அந்த நாட்களில் கணக்குக்கு ஒரு மரியாதை இருந்தது.

என் அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். என்னைக் கான்வென்ட்டில் படிக்க வைத்தார். அதற்குப் பிறகு தபால் வழியாக லண்டன் பாடம் ஒன்றில் புக்கீப்பிங் படித்தேன். கம்பெனியில் என்னைக் கிராணியம்மா என்று கூப்பிட்டார்கள். கிராணி என்றால் குமாஸ்தா, பெண் கிராணிக்கு வேறு சொல் அவர்களிடம் இல்லை.

கம்பெனிக்கு இரண்டு பங்காளிகள். மாமனும் மச்சானும். பெரிய முதலாளி கடையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய மனைவியின் தம்பியான சின்ன முதலாளி லாரிகளோடு போவார். இருவருக்கும் மாதச் சம்பளம் உண்டு. வருடக் கடைசியில் வரும் லாபத்தில் பாதியை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். மீதிப் பாதி கம்பெனியிலேயே தங்கும். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த விதி அல்ல அது. முதல் வருடம் அப்படிச் செய்தார்கள், பிறகு அப்படியே போய்விட்டது.

ஒரு நவம்பரில், சுவா பக்கத்தில் ஆறு எஸ்டேட்டுகளைப் பார்த்துக்கொண்ட ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. ஆட்களையெல்லாம் முள்கம்பிக்குள் ஒன்றாகக் குடிவைத்துவிட்டார்கள், கேட்டில் பல வண்டிகள் நுழைவது பாதுகாப்புக்கு இடைஞ்சல், ஆறு எஸ்டேட்டுக்கும் நீங்களே சரக்குப் போடுகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். எஸ்டேட்டுக்கு ஐம்பதாயிரம் வெள்ளி, டாலரை அங்கே அப்படித்தான் சொல்வோம், வீதம் வருடத்துக்கு மூன்று லட்சம். எங்கள் அந்த வருட விற்பனையே ஆறு லட்சம்தான்.

சின்ன முதலாளி அந்தக் கடிதத்தை அன்று நான்கு முறை படிக்கச் சொன்னார். நான்காவது முறையும் மூன்று லட்சம்தான் வந்தது.

பெரிய முதலாளி பேங்குக்குப் போனார். இரண்டு லாரி வாங்கக் கொஞ்சம் பணம் கேட்டார். வெள்ளைக்கார மேனேஜர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அடுத்த டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ஐந்தொகையை, அதாவது சொத்தும் கடனும் இருபக்கமாக எழுதிய தாளை, கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"இந்த டிசம்பரே இன்னும் வரலே. அடுத்த டிசம்பர் ஐந்தொகை கேக்குறான்" என்றார் பெரிய முதலாளி. "ஜோசியக்காரன்கிட்ட போகணுமா, கிராணியம்மா?"

"நானே போடுறேன் முதலாளி. ரெண்டு நாள் கொடுங்க."

"போடுறதுக்கு அதுல என்ன இருக்கு? இன்னும் நடக்கவே இல்லையே."

"நடந்தா எப்படி இருக்கும்னு போடுறதுதான்."

அவர் நம்பவில்லை. ஆனால் பெரிய தாள் வாங்க நாற்பது காசு கொடுத்தார்.

டிசம்பர் முடியாவிட்டாலும் அந்த வருட ஐந்தொகை எப்படி நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். கம்பெனியிடம் இருந்தது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதில் சரக்கு எண்பதாயிரம், எஸ்டேட்டுகள் தரவேண்டியது ஒரு லட்சம், லாரிகள் ஐம்பதாயிரம், ரொக்கம் பத்தாயிரம். இதெல்லாம் யாருடைய பணம் என்பது மறுபக்கம். அரிசி மொத்த வியாபாரிகளுக்குத் தரவேண்டியது அறுபதாயிரம், பேங்குக் கடன் அறுபதாயிரம், பங்காளிகளின் சொந்த முதல் ஒரு லட்சத்து இருபதாயிரம். அந்த வருட லாபம் விற்பனையில் நூற்றுக்கு நாலு, அதாவது இருபத்துநாலாயிரம்.

தாளில் இடது பக்கம் இதை எழுதினேன். வலது பக்கம் அடுத்த டிசம்பர். விற்பனை ஒன்றரை மடங்கானால் எந்த வரியெல்லாம் கூடவே வளரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சரக்கு வளரும். எஸ்டேட்டுகள் அறுபது நாள் கழித்துத்தான் பணம் தரும், ஆகவே அந்த வரியும் வளரும். நான்கு லாரியும் ஏற்கெனவே நிரம்பித்தான் போகின்றன, ஆகவே ஆறு லாரி வேண்டும். கைரொக்கமும் அதே அளவில் வேண்டும், மொத்தம் மூன்று லட்சத்து அறுபதாயிரம்.

மறுபக்கத்தில் தானாக வளர்வது ஒன்றே ஒன்று. அதிகம் வாங்கினால் அரிசி வியாபாரிகள் அதிகம் கடன் வைப்பார்கள், தொண்ணூறாயிரம். பேங்குக் கடன் நாம் கேட்காமல் வளராது, அறுபதாயிரம்தான். வட்டி போக நூற்றுக்கு நாலு நிற்கும் என்று வைத்தாலும் லாபம் முப்பத்தாறாயிரம். பாதியைப் பங்காளிகள் எடுத்துக்கொண்டால் பதினெட்டாயிரம் தங்கும். சொந்த முதல் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ஆகும். கூட்டினால் இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம்.

இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டிய தாளில் எழுபத்திரண்டாயிரம் வெள்ளி துண்டு விழுந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பிறகு அந்த இடத்தில் "வெளியிலிருந்து வரவேண்டியது" என்று எழுதி, பென்சிலால் ஒரு கட்டம் போட்டேன்.

மறுநாள் பங்காளிகள் இருவரும் தாளின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"லாபம் பன்னண்டாயிரம் கூடுதுன்னு நீயே எழுதியிருக்கே" என்றார் சின்ன முதலாளி. "அப்புறம் எப்படி பணம் பத்தாமப் போகும்?"

"அரிசிக்காரருக்கு நாப்பது நாள்ல கட்டணும் முதலாளி. எஸ்டேட் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தரும். வியாபாரம் பெருசாக ஆக, நடுவுல நாம போட்டு வைக்கிற பணமும் பெருசாகும். லாபம் அந்த அளவுக்கு ஓடி வராது."

"பேங்குல வாங்கிக்கலாம்லா."

"சொந்த முதல்ல பாதிக்கு மேல கடன் தரமாட்டாங்க. இந்தக் கணக்குல புதுசா ஒன்பதாயிரம்தான் கிடைக்கும். மீதி அறுபத்துமூணாயிரம் யார் தருவா?"

பெரிய முதலாளி வெற்றிலை மடித்தார். "அப்போ எவ்வளவுதான் வளரலாம்?" என்றார்.

அதையும் நான் போட்டு வைத்திருந்தேன். சதவீதம் சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்பதால் பின்னத்தில் சொன்னேன். வருடத் தொடக்கத்தில் சொந்த முதல் ஒரு லட்சத்து எட்டாயிரம். அதில் இந்த வருடம் சேர்ந்தது பன்னிரண்டாயிரம். ஒன்பதில் ஒரு பங்கு. கடனும் சொந்த முதலும் இப்போதிருக்கும் விகிதத்திலேயே இருக்கவேண்டும், லாபத்தில் பாதியை எடுப்பதும் நிற்காது, வெளியாள் யாரும் முதல் போடப்போவதில்லை என்றால் வியாபாரமும் வருடத்துக்கு ஒன்பதில் ஒரு பங்குதான் வளரமுடியும். பேங்கில் ஒரு காசுகூடப் புதிதாக வாங்காவிட்டால் பதினாலில் ஒரு பங்கு.

"அவங்க கேக்குறது ரெண்டுல ஒரு பங்கு" என்றார் பெரிய முதலாளி.

"ஆமா முதலாளி."

"லாபத்தை எடுக்காம விட்டா?"

"முழுசா விட்டா நாலுல ஒரு பங்கு வளரலாம். ஏழரை லட்சம் வியாபாரம். மூணு எஸ்டேட். அஞ்சு லாரி. லாபம் முப்பதாயிரமும் உள்ளேயே நிக்கும், பேங்குல பதினஞ்சாயிரம் கூட வாங்குவோம், ரெண்டு பக்கமும் மூணு லட்சத்துல சரியா நிக்கும்."

சின்ன முதலாளி எழுந்து நின்றார். அடுத்த ஆனியில் அவர் மகளுக்குக் கல்யாணம். அடுத்த வருட லாபத்தில் தன் பங்கை முன்கூட்டியே எடுத்துத்தான் அதை நடத்துவதாக இருந்தார். மாப்பிள்ளை தம்பின் ஊர்க்காரர். பெண் வீட்டில் ஏற்கெனவே சமையல்காரருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"இந்தத் தாள்ல என் மக கல்யாணம் எந்த வரியில வருது, கிராணியம்மா?"

"பங்காளிகள் எடுத்துக்கிறதுங்கிற வரியில முதலாளி."

"அங்க என்ன போட்டிருக்கே?"

"ஆறு எஸ்டேட் தாள்ல பதினெட்டாயிரம், ரெண்டு பேருக்கும். மூணு எஸ்டேட் தாள்ல ஒண்ணுமில்லே."

அவர் தாளைத் தள்ளி வைத்தார். பிறகு லாரியைப் பார்க்கப் போனார். பார்ப்பதற்கு அங்கே லாரி எதுவும் இல்லை, மூன்று சரக்கோடு போயிருந்தன, ஒன்று ஒர்க்ஷாப்பில் இருந்தது.

நான் அன்று அம்பாங்கானில் இருந்த வாடகை வீட்டுக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் கணக்கைப் போட்டேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் பென்சிலால் அழித்துவிட்டது போலிருந்தது. எங்காவது தப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடினேன். இல்லை.

சின்ன முதலாளி மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் ஒரு யோசனையோடு வந்தார். ஊரில் பணம் வைத்திருக்கும் ஒரு சீனக் கடைக்காரர் இருபத்துநாலாயிரம் போட்டு மூன்றாவது பங்காளியாக வரத் தயாராம். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். லாபம் முழுவதையும் உள்ளேயே விட்டு, அவர் பணமும் சேர்ந்து, பேங்கில் முப்பதாயிரம் கூட வாங்கினால் ஆறு எஸ்டேட்டுக்கும் சரியாக வந்தது.

"வருதா?" என்றார், முகம் மலர்ந்து.

"வருது முதலாளி. ஆனா அப்பவும் லாபத்தை எடுக்க முடியாது."

பெரிய முதலாளி முதல்முறையாகச் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. மூன்றாவது பங்காளி யோசனை அத்தோடு போயிற்று. எப்படியும் கல்யாணத்துக்கு எடுக்கமுடியாது என்றால் வேறு ஆளை எதற்கு உள்ளே விடவேண்டும் என்பது சின்ன முதலாளியின் வாதம். அது சரியான வாதம்தான்.

மூன்று எஸ்டேட் மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று ஏஜென்சிக்கு நானே கடிதம் எழுதினேன். அவர்கள் ஒரே வரியில் ஒப்புக்கொண்டார்கள். மீதி மூன்றை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். பேங்கு மேனேஜர் தாளைப் பத்து நிமிடம் படித்தார். இதை யார் போட்டது என்று கேட்டார். பெரிய முதலாளி என்னைக் காட்டினார். மேனேஜர் எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு பதினைந்தாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணம் ஆனியில் நடந்தது, இருநூறு பேருக்குப் பதில் அறுபது பேரோடு. ஊரடங்கு இருப்பதால் கூட்டம் சேர்க்க அனுமதி கிடைக்கவில்லை என்று சின்ன முதலாளி எல்லாரிடமும் சொன்னார். அனுமதி அவர் கேட்கவே இல்லை. எனக்குப் பத்திரிகை வந்தது. போனேன். பெண் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பந்தியில் எனக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றியவர் சின்ன முதலாளி.

டிசம்பர் வந்தது. உண்மையான ஐந்தொகையை எழுதினேன். மொத்தம் மூன்று லட்சம், நான் போட்ட அதே மூன்று லட்சம். பேங்கு மேனேஜர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தன் உத்தியோகத்தில் இவ்வளவு துல்லியமான மதிப்பீட்டைக் கண்டதில்லை என்று பாராட்டினார். பெரிய முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டு வரி தப்பு சார்" என்றேன். எஸ்டேட்டுகள் சராசரி ஒரு வாரம் தாமதமாகப் பணம் கட்டியதால் வரவேண்டிய பாக்கி பதினைந்தாயிரம் கூடிவிட்டது. அதே வருடம் அரசாங்கம், ஸ்டோரில் வைத்திருக்கும் அரிசிக்கு அளவு போட்டதால் சரக்கு பதினைந்தாயிரம் குறைந்துவிட்டது. ஒன்று மற்றதை அடித்துக்கொண்டது. அந்த உத்தரவு வராமல் இருந்திருந்தால் நாங்கள் பதினைந்தாயிரத்துக்கு அவரிடம்தான் ஓடி வந்திருப்போம்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை" என்றார்.

வெளியே வந்ததும் பெரிய முதலாளி, மேனேஜர் கடைசியாக இங்கிலீஷில் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அவர் கார் கதவைத் திறந்தார். "அடுத்த வருஷத்துக்கு ஒரு வாரம் தாமதம்னே போடு" என்றார். "லாபத்துல கால்வாசியாச்சும் எடுக்கலாமான்னு பாரு. நம்ம மச்சானுக்கு இன்னொரு மக இருக்கா."