அடியில் கிடந்த முனை

முழங்கால் தேய்ந்துபோன ஃபிட்டருக்கு அந்த ஆலையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நாற்காலிதான்: கருவி அறை. மேலே வேலை செய்பவர்கள் வேலை முடிந்ததும் ஸ்பேனர்களைத் தரையில் கொட்டிப் படமெடுத்து அனுப்புவார்கள். எவை இருக்கின்றன, எவை குறைகின்றன என்று கருவி அறையில் உட்கார்ந்தபடி சொல்ல வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடி ஏணிதான். ஏணி ஏற முடியாதவனை ஆலை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

தேர்வு வைத்தது அவர் மனைவியின் தம்பி, கருவி அறை சூப்பர்வைசர். பக்கத்தில் இன்ஜினியர். மேசைமேல் டேப்லெட், அதில் குவிந்து கிடந்த ஸ்பேனர்களின் படம்.

“சொல்லுங்க மாமா.”

“இதென்னடா, எல்கேஜி பாடமா?” ஃபிட்டர் சிரித்தார். “இது ரிங். ரெண்டு பக்கமும் வளையம், கழுத்து வளைஞ்சிருக்கு. இது அட்ஜஸ்டபிள், வாயைத் திறந்து மூடுற திருகு தெரியுது. இந்த உருண்டை சாக்கெட். சதுரத் துளை மேல தெரியுது, ராட்செட் கைப்பிடி மாட்டுற பக்கம்.”

“சரி. இது?”

அட்ஜஸ்டபிளுக்கு அடியிலிருந்து ஒரு திறந்த வாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

“ஓப்பன் எண்ட்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க மாமா. இன்னொரு முனை?”

மறைத்திருந்த அட்ஜஸ்டபிளை நகர்த்த விரல் தானாகத் திரைக்குப் போனது. படம்தான் பெரிதாகி விலகியது. இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபிட்டருக்குச் சுருக்கென்றது. அவர் பெட்டியில் காலமெல்லாம் இருந்தவை இரு பக்கமும் திறந்த வாய் கொண்டவைதான்.

“அதுவும் ஓப்பன்தான்டா! எனக்கே சொல்லித் தர்றியா?”

மச்சான் அடுத்த படத்தைக் காட்டினான். அதே ஸ்பேனர், தனியாக. மறுமுனையில் வளையம். ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் வளையம்: காம்பினேஷன் ஸ்பேனர்.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருக்கலாமே மாமா. இன்னொரு படம் கேட்டிருக்கலாம். அதுக்குத்தான் ரெண்டு தடவை கேட்டேன். நீங்க ஓப்பன்னு எழுதி வெச்சா, காம்பினேஷன் காணாம போனதாத்தானே ஆகும்?”

வேலை வேறொருவருக்குப் போனது.

வீட்டில் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். “கேள்வி கேட்டது என் தம்பிதானே? அவன் நெனச்சிருந்தா முடியாதா?”

“அவன்தான் கேட்டான்” என்றார் ஃபிட்டர்.

“நான் சோறு ஊட்டி வளத்த பய! இன்ஜினியர் முன்னாடி நல்ல பேர் வாங்க உங்கள மாட்டிவிட்டிருக்கான். இனிமே இந்த வாசப்படி மிதிக்கட்டும், பாக்கறேன்.”

அவன் ரெண்டு தடவை கேட்டான் என்பது ஃபிட்டரின் தொண்டைவரை வந்தது. சொன்னால், அவள் பார்வை தம்பியை விட்டுவிட்டுத் தன்மேல் திரும்பும். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, “விடு, அவன் புத்தி அவ்வளவுதான்” என்றார்.

அவள் போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினாள். அவர் தடுக்கவில்லை.