அடர்த்தியான சிவப்பும் கசிந்த வெளிச்சமும்

ஒரு பத்தியில் முடிந்திருக்க வேண்டிய அறிக்கையை நான் ஒன்பது பக்கம் எழுதினேன். எழுதி முடித்துவிட்டால் ஒரு மனிதன் என் அறைக்கு வருவதை நிறுத்திவிடுவான் என்பதுதான் காரணம். ஐம்பதை நெருங்குகிறவன், நாலு நல்ல புத்தகம் படித்தவன், இதை வெளியே சொல்ல வெட்கப்பட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொல்கிறேன்.

மராத்தி பேசும் ஊர் ஒன்றில், ஹடப்சர் தொழிற்பேட்டையில் உணவுக்குச் சேர்க்கும் நிறங்களைத் தயாரிக்கிற ஆலை ஒன்றில் எனக்குப் பரிசோதனைக்கூட வேலை. மனைவிக்குத் திருச்சியில் வங்கி உத்தியோகம். மகளின் படிப்பும் அங்கேயே. அதே ஊரின் விஷ்ராந்த்வாடியில் ஒரு படுக்கையறை வீட்டில் நானும் ஒரு பிரஷர் குக்கரும் குடியிருக்கிறோம். தொலைபேசியில் தவிர தமிழ் பேச ஆள் கிடையாது. காலையில் கருவி அறையைத் திறந்ததும், நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளக்கும் நிறமாலைமானியைப் பார்த்து, “என்ன, தூங்கினியா?” என்று கேட்பேன். அதன் விளக்கு சூடேற அரைமணி நேரம் ஆகும். அதற்குள் எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிடும்.

மே மாதம் ஒரு சிவப்பு நிறப் பொடி சோதனைக்கு வந்தது. வழக்கமான சரக்கு அல்ல. ஒரு புது வாடிக்கையாளருக்காகச் செய்த பல மடங்கு வீரியமான ரகம். நான் பழைய ரகத்துக்கு உண்டான அதே அளவுத் தண்ணீரில் அதைக் கரைத்துக் கருவியில் வைத்தேன். கை தானாகச் செய்தது, மூளையைக் கேட்கவில்லை. அப்சார்பன்ஸ், அதாவது கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதற்கான எண், 2.0 என்று வந்தது. கணக்குப்படி 2.3 வந்திருக்க வேண்டும். சரக்கில் எட்டில் ஒரு பங்கு நிறம் குறைவு என்று கணினி அச்சடித்துக் கொடுத்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அந்தச் சரக்கைத் தயாரித்த ஷிப்ட்டின் பொறுப்பாளர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்குள்ள கட்கி ஆயுதத் தொழிற்சாலைக்கு வந்த குடும்பம். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. சூப்பர்வைசராக நிரந்தரம் செய்யும் உத்தரவு மேலாளர் மேசையில் கிடந்தது. இந்தச் சரக்கு நிறுத்திவைக்கப்பட்டதும் அந்த உத்தரவும் நின்றுவிட்டது. கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினார்.

“அண்ணா, மால்ல நிறம் கம்மின்னு போட்டுட்டீங்களாமே. நானே பக்கத்துல நின்னு எல்லாத்தையும் அளந்து சார்ஜ் பண்ணேன். இப்போ நான் எடுத்து வெளிய வித்துட்ட மாதிரி பாக்குறாங்க.”

இரண்டாண்டுகளாக அவரை ஆலை கேட்டருகே பார்த்திருக்கிறேன். அவர் தமிழர் என்று எனக்கும், நான் தமிழன் என்று அவருக்கும் தெரியாது. இருவரும் இந்தியில் தலையசைத்துக்கொண்டிருந்தோம்.

அவரை உட்கார வைத்துவிட்டு, கரைசலில் ஒரு பங்கை எடுத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்தேன். 0.23 வந்தது. பத்தால் பெருக்கினால் 2.3. சரக்கு முழு வீரியம். அவர் சுத்தம். நான்தான் அசடு.

அங்கேயே விஷயம் முடிந்தது. ஆனால் மேலாளர் ஒரு கேள்வி கேட்டார்: அதே சரக்கு, அதே கருவி, நீர்க்கவைத்தால் ஏன் வேறு விடை? காரணத்தை எழுதிக் கொடுங்கள், அதன் பிறகு சரக்கை விடுவிக்கிறேன் என்றார். நியாயமான கேள்வி. அன்று மாலையே பதில் சொல்லியிருக்கலாம். மாலையில் அந்தப் பொறுப்பாளர் மறுபடி வந்து, “எழுதிட்டீங்களாண்ணா?” என்று கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் டீ வந்தது. “கொஞ்சம் பெரிய விஷயம்” என்று சொல்லிவிட்டேன்.

செறிவு கூடக் கூட அப்சார்பன்ஸ் நேர்கோட்டில் ஏற வேண்டும். ஓரளவுக்கு மேல் கோடு வளைந்து படுத்துக்கொள்கிறது. ஏன்? மூலக்கூறுகள் நெருங்கும்போது ஒன்றை ஒன்று பாதித்து, ஒளியை விழுங்கும் குணமே மாறலாம். இந்தக் காரணம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. கூட்டத்தில் எதுவும் தன் இயல்பில் இருப்பதில்லை என்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுதியவன் மதியச் சோற்றைச் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவன்.

பொறுப்பாளர் தினமும் வந்தார். நான் எழுதியதைப் படித்துக் காட்டுவேன். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, அறிக்கையோ ஆங்கிலத்தில். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக் கேட்டார். அப்படி ஒரு ரசிகர் எனக்கு வாய்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் எனக்கே சந்தேகம் வந்தது. அலமாரியில், கரைசல் ஊற்றிக் கருவியில் வைக்கும் ஒரு மில்லிமீட்டர் அகலக் கண்ணாடிக் குப்பி ஒன்று இருந்தது. வழக்கமான குப்பியின் அகலத்தில் பத்தில் ஒன்று. நீர்க்காத அதே அடர்ந்த கரைசலை அதில் ஊற்றி வைத்தேன். கரைசலில் நெரிசல் அப்படியே இருக்கிறது. ஒளி கடக்கும் தூரம் மட்டும் குறைவு. நெரிசல்தான் காரணமென்றால் இங்கும் எண் 0.20 என்று குறைய வேண்டும். 0.23 வந்தது. சுத்தமாக அதே எண். மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவே இல்லை. எங்கள் அடுக்கக வாசிகளைப் போல ஒரே இடத்தில் இருந்துகொண்டு தத்தம் வேலையைப் பார்த்தன. என் இரண்டு பக்கமும் வீண்.

“அப்போ மிஷினுக்குக் கண்ணு சரியில்லையா?” என்றார் அவர்.

“கண்ணு சரிதான். நிறம் அவ்வளவு அடர்த்தி. ஆயிரம் பங்கு வெளிச்சம் போனா அஞ்சு பங்குதான் அந்தப் பக்கம் வருது. பழைய மிஷின், உள்ள இன்னொரு அஞ்சு பங்கு வேற நிற வெளிச்சம் கசியுது. சிவப்பு அதை விழுங்காது. மிஷின் ரெண்டையும் சேர்த்துப் பத்துன்னு எண்ணுது.”

“கரைசல் லைட்டா இருந்தா?”

“நீர்த்த கரைசல்ல ஆயிரத்துக்கு அறுநூறு பங்கு வெளியே வருது. அதுல இந்த அஞ்சு யாருக்குத் தெரியும்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “மத்லப், அதாவது, தண்ணி ஊத்துனா போதும்.”

போதும். அதுதான் அறிக்கை. ஆனாலும் படுத்துக்கொண்ட கோட்டின் வரைபடம், பின்னிணைப்பு என்று மேலும் இரண்டு நாள் ஓட்டினேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. அவர் பதவி மேசையில் கிடக்கிறது என்பது எனக்கு இரவில் மட்டும் உறைத்தது. ஆறாம் நாள், டீக் குவளையை வைத்துவிட்டு, வீட்டில் மனைவி உத்தரவு எப்போது என்று கேட்பதாகச் சாதாரணமாகச் சொன்னார். அவர் போனதும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். மேலாளர் கடைசிப் பத்தியை மட்டும் படித்தார்: இந்த ரகத்தைப் பத்து மடங்கு நீர்க்கவைத்த பிறகே அளக்க வேண்டும். சரக்கு கிளம்பியது. நிரந்தர உத்தரவும் வந்தது. அவர் பால்பேடா கொண்டுவந்து கொடுத்தார்.

அதன் பிறகு வரவில்லை.

ஒரு வாரம் இரண்டு டீ சொன்னேன். இரண்டையும் நானே குடித்தேன். கருவியிடம் பழையபடி பேச முயன்றேன், சுவாரசியப்படவில்லை. ஜூன் பாதியில் கேட்டருகே அவரைப் பார்த்தேன். மழைக்கோட்டுக்குள் இருந்து சிரித்தார். எதேச்சையாகக் கேட்பது போல, “என்ன தம்பி, இப்பல்லாம் நம்ம பக்கம் வர்றதே இல்லை?” என்றேன்.

“பொடி காய வைக்கிற டிரையர் பக்கம் மே மாசத்துல நிக்கவே முடியாதுண்ணா. உங்க ரூம்ல மட்டும்தான் ஏசி,” என்றார். “இப்போதான் மழை வந்துருச்சுல்ல.”