சோபாக்கா மறுபடி கடை திறந்தாள்

பழைய சோபாக்களைப் பிரித்து உறை மாற்றித் தரும் சோபாக்காவுக்கு வாயும் கத்தரியும் ஒரே கூர்மை. தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பட்டறையோடு இன்ஸ்டாகிராம் கணக்கும் ஒன்றரை வருஷம் முடங்கிக் கிடந்தது. பட்டறையைத் திறந்த அன்றே பதிவு போட அவள் போனைக் கொழுந்தன் வாங்கிக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோங்க மக்களே, திரும்பி வந்துட்டோம்! பாதி விலை! மூணு பேரை டேக் பண்ணா பரிசு!" என்று தட்டி முடித்து, பெருமையாக நீட்டினான்.

"ஏண்டா, நான் என்ன யார் கால்லயாவது விழப்போறேனா? பரிசுக்கு வர்றவன் பரிசோட போயிடுவான். மிச்சமிருக்கிறவங்களும் எரிச்சல்ல ஓடிப்போவாங்க."

அவன் தட்டியது அனைத்தையும் அழித்தாள். ஒரு சோபாவைக் கிழித்துக் காட்டி வீடியோ எடுத்தாள். அழுத்திய ஃபோம் மேலெழும்பாவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும், உள்ளே மரச்சட்டம் நன்றாயிருந்தால் புது சோபா வேண்டாம் என்றாள். காணாமல் போன காலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

'எங்க போயிருந்தீங்க?' என்று ஒருத்தர் கேட்டதற்கு, 'தோள்ல ஆபரேஷன். உங்க சோபா எப்படி இருக்கு?' என்று பதில் போட்டாள்.

"இன்னிக்கே இன்னும் அஞ்சு வீடியோ போடலாம் அண்ணி."

"ஒண்ணும் வேணாம். அடுத்த வாரம் அடுத்தது."

மாலையில் கொழுந்தன் உதட்டைப் பிதுக்கினான். "முப்பது லைக்தான் அண்ணி. நாலே பேர் சோபா படம் அனுப்பி விலை கேட்டிருக்காங்க. அசிங்கமா இருக்கு."

சோபாக்கா தலை நிமிரவில்லை.

"முப்பது பேரும் சோபாவை அனுப்பினா நீயாடா தூக்குவ?"