புக்கிங் கவுண்டரின் நம்பர்

போர்ட் பிளேரில் ஒரு வியாபாரக் குடும்பத்தின் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. கேஸ் ஏஜென்சி, ஹார்டுவேர் கடை, ஃபீனிக்ஸ் பே கப்பல் துறைக்குப் பக்கத்தில் கப்பல் டிக்கெட் புக்கிங் என்று மூன்று தொழில்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனி சாஃப்ட்வேர், தனித்தனி வாடிக்கையாளர் பதிவு. ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பார். எனக்கு இந்த அலங்கோலம் பிடிக்கவே இல்லை. நடுவில் ஒரே மாஸ்டர் பதிவு, மற்ற மூன்றும் அதைப் பார்த்தே நடக்கட்டும் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன்.

புக்கிங் கவுண்டரைப் பார்த்துக்கொண்டவர் மட்டும் மசியவில்லை. எல்லோருக்கும் அவர் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் சத்தம் போட்டாலும் குரலை உயர்த்தாதவர். பெயரையும் பிறந்த தேதியையும் மாஸ்டருக்குத் தாராளமாகக் கொடுத்தார். பயணிகளின் போன் நம்பரில் மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

"டிக்கெட் போடும்போது அவங்க வாயால சொன்ன நம்பர் அது, மேடம். உங்க மாஸ்டர்ல ஒரு காப்பி வச்சுக்கோங்க. என் டிக்கெட்ல இருக்கிறத கேஸ்காரங்க வந்து மாத்தக் கூடாது. அவ்ளோதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் முதலாளி, இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். டிக்கெட்டிலுள்ள நம்பர் பாயிடமே நின்றது. பயணிகளுக்கான குறுஞ்செய்திகள் மட்டும் மாஸ்டரிலிருந்து போயின.

மாஸ்டரில் இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும் விதி சாஃப்ட்வேரோடு சென்னையிலிருந்து வந்தது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள். விலாசம் மாறக்கூடியது என்பதால் கணக்கில் இல்லை. போன் நம்பரில், கடைசியாகப் பதிவானதே நிற்கும். மெயின்லேண்டில் இதெல்லாம் நன்றாக ஓடியிருக்கும்.

மாஸ்டர் ஓடத் தொடங்கிய நான்காம் வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு டெய்ரி ஃபார்ம் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா போனை நீட்டினாள்.

"இது யாருக்கு வந்த மெசேஜ்டி? நாளைக்குச் சாயங்காலமே கப்பல் கிளம்புதாம். நான் எங்கேயும் போகலையே."

புயல் எச்சரிக்கையால் சென்னைக் கப்பலை இரண்டு நாள் முன்கூட்டியே கிளப்ப முடிவு செய்திருந்தார்கள். அந்த மாதம் கேஸ் ஏஜென்சியில் புது நம்பர் கொடுத்திருந்த என் அம்மாவுக்கு அந்தச் செய்தி வந்திருந்தது. அம்மாவின் பெயரிலேயே, அதே இனிஷியலோடு, யாரோ ஒரு பெண் டிக்கெட் எடுத்திருக்கிறாள். சரி, பிறந்த தேதியுமா ஒன்றாக இருக்கும்?

கேட்ட மறு நொடியே பதிலும் தெரிந்துவிட்டது. அந்தமானில் ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய காலத்தில் குழந்தைகளோடு கப்பலிலிருந்து இறங்கியவர்களிடம் பிறப்புச் சான்று ஏது? பள்ளியில் சேர்க்கும்போது எல்லாருக்கும் ஜூலை ஒன்று என்று எழுதிவிட்டார்கள். வருஷம் மட்டும் ஆளைப் பார்த்து. அம்மாவின் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே பிறந்தநாள். நான் அதைக் கேலி செய்தே வளர்ந்தவள். அந்தக் கேலி இப்போது என் சாஃப்ட்வேருக்குள் உட்கார்ந்திருந்தது.

சாப்பாட்டை விட்டுவிட்டுக் கவுண்டருக்கு ஓடினேன். பாய் டிக்கெட்டைத் திறந்து பார்த்தார். வடக்கே பாராடாங் தீவிலிருந்து வரவேண்டிய பெண்; சென்னையில் இதய வால்வு ஆபரேஷனுக்குப் போகிறாள். ஆஸ்பத்திரி கொடுத்த தேதி தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. மாஸ்டரில் அவளுடைய நம்பர் என் அம்மாவின் நம்பராகியிருந்தது. பாயிடம் மட்டும் அவள் சொன்ன நம்பர் அப்படியே இருந்தது.

பாயே போன் செய்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்பதுபோல் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். அந்தப் பெண் மறுநாள் காலை, காட்டு வழியே போலீஸ் காவலோடு வண்டிகள் சேர்ந்து வரும் முதல் கான்வாயில் புறப்பட்டு, சாயங்காலம் கப்பல் ஏறினாள். நானும் கப்பல் துறைக்குப் போய், அவள் ஏறும் வரை நின்றேன்.

அந்த வாரமே முதலாளி கூட்டம் போட்டார். மாஸ்டரைத் தூக்கி எறிவோமா என்று கேட்டார். கூடாது என்றேன், பழைய உறுதியோடுதான்; ஆனால் விதிகள் மாறவேண்டும் என்றேன். எந்தப் பதிவு எந்தக் கடையில் இருக்கிறது என்று சொல்லும் அடையாளத்தை மாஸ்டர் வைத்திருக்கும். சேர்த்ததைத் திரும்பப் பிரிக்கும்படி மூலப் பதிவுகள் அழியாமல் நிற்கும். ஜூலை ஒன்றில் பிறந்ததாகப் பதிவானவர்களை ஒரு மனிதர் பார்க்காமல் சேர்க்கக் கூடாது. பயணத்துக்கான நம்பர் டிக்கெட்டுக்குச் சொந்தம். கப்பல் செய்தி அதற்கே போகும். கடைசி வரியைச் சொன்னபோது பாய் தலையாட்டினார்.

அம்மா அந்தப் பெண்ணின் நம்பரைக் கேட்டு வாங்கி, தினமும் சென்னைக்குப் பேசத் தொடங்கியிருந்தாள். ஆபரேஷன் முடிந்த அன்று வீட்டில் எங்களுக்கு வேலையே ஓடவில்லை. பிறகு போன் அடித்தது. அம்மா கேட்டுக்கொண்டே அழுதாள்.

"பொழச்சுட்டாடி," என்றாள். "அடுத்த ஜூலை ஒண்ணு இங்கேதான் வருவாளாம். ரெண்டு பேருக்கும் தனித்தனியா கேக் வாங்கு."